அட்டைப்படத்துக்கு எழுதிய வரி

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு நூலக வாசலில் கட்டும் பதாகைக்கும் முகநூல் அட்டைப்படத்துக்கும் ஒரு வரவேற்பு வரி எழுதும் வேலை அங்கே பணிபுரியும் வித்தியாவுக்கு வந்தது. பிள்ளைகள், பெற்றோர், முதன்முதலாக அங்கத்தவராக வருபவர்கள் எல்லாருக்கும் பொருந்த வேண்டும் என்றார் நூலகர் நாகேஸ்வரி. வித்தியா எழுதினாள்: “வெறுங்கையோடு வாருங்கள், புத்தகத்தோடு வீடு திரும்புங்கள்.”

படிவமும் பிணையும் வேண்டும் என்பதையும் கீழே சேர்க்கச் சொன்னார் நாகேஸ்வரி. வரியின் அழகு கெட்டுவிடும் என்று வித்தியா அதைச் சேர்க்கவில்லை. முகநூலில் இருநூறு பேர் விரும்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை அஸ்மியா என்ற பெண் தன் மகள் றிஸ்வியாவோடு வந்தாள். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துச் சோனகதெருவுக்குத் திரும்பி ஒரு வருடம், வாடகை வீடு. எட்டு வயதுப் பிள்ளை அரைமணி நேரம் தேடி, ஆமைகளைப் பற்றிய ஒரு படப்புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தது.

இரவல் கொடுக்க அங்கத்துவம் வேண்டும், அதற்கு மாநகர சபைக்கு வீட்டு வரியான சோலைவரி கட்டும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று வித்தியா விளக்கினாள். அப்படி யாரையும் தெரியாது என்றாள் அஸ்மியா.

“போட்டிருந்ததைப் பாத்துத்தான் மிஸ் கூட்டியந்தனான். வாசிச்சுக் காட்டினதும் இவதான்.”

அவள் குரலில் கோபம் இல்லை. பிள்ளை தானே புத்தகத்தைத் திரும்பக் கொண்டுபோய், எடுத்த இடத்தில் நேராகச் செருகிவிட்டு வந்தது. அதைப் பார்த்தபோது வித்தியாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இங்கேயே இருந்து வாசிக்கலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இருவரும் படியிறங்கிவிட்டார்கள். நல்லவேளை, வருகைப் பதிவேட்டில் தொலைபேசி எண் இருந்தது.

அன்றே முகநூலில் வரியை மாற்றினாள். பதாகையில் பழைய வரிக்கு மேல் புதிய தாளை ஒட்டினாள்: “இருந்து வாசிக்க எவரும் வரலாம். வீட்டுக்குக் கொண்டுபோகப் படிவமும் பிணையும் வேண்டும். பிணைக்கு ஆள் இல்லையா? எங்களிடம் சொல்லுங்கள்.” நாகேஸ்வரி வாசித்துவிட்டு, தாளின் ஒரு மூலையை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் வித்தியாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வீட்டில் அப்பா பரமலிங்கத்திடம், அஸ்மியாவின் பெயர் எழுதிய அங்கத்துவப் படிவத்தைப் பிணைக் கையெழுத்துக்கு நீட்டினாள். வீட்டுச் சோலைவரி அவர் பெயரில்தான் இருந்தது.

“உவையளை உனக்குத் தெரியுமோ?”

“தெரியாது, அப்பா. நான்தான் பிழையா எழுதி வரப்பண்ணினனான்.”

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அவள் தொலைபேசியில் கூப்பிட, மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் வந்தார்கள். படிவத்தின் மிச்சத்தை அஸ்மியா நிரப்பினாள். வித்தியா ஆமைப் புத்தகத்தில் திகதி முத்திரை குத்தி நீட்டினாள். பிள்ளை வாங்கவில்லை, தாயைப் பார்த்தது, பிறகு வித்தியாவைப் பார்த்தது.

“மெய்யாவே கொண்டுபோகலாமா?”

“ஓம், ரெண்டு கிழமைக்கு உன்னட்டையே இருக்கட்டும்,” என்றாள் வித்தியா. அந்தக் கேள்வி அவளைச் சுட்டது.