தையல்கடை முகவரியிலிருந்து வந்த மெயில்

பெண்கள் காப்பகத்தின் இன்பாக்ஸைத் திறந்ததும் ஆலோசகருக்குத் தலை சுற்றியது. விடுமுறைக்குப் பின் மெயில்கள் மலையாய்க் குவிந்திருந்தன.

நீதிமன்றச் சின்னத்தோடு, பிழையில்லாத மொழியில் ஒன்று வந்திருந்தது. விசாரணைத் தேதியைப் பார்க்க பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வரச் சொன்னது. விரல் லிங்க் மேல் போய்விட்டது. கடைசி நொடியில் அனுப்பியவர் முகவரியைப் பார்த்தாள். நீதிமன்றப் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. போலி.

அதன்பின் எதையும் நம்பவில்லை. 'அவசரம் உடனே பாருங்க' என்று தெரியாத முகவரியிலிருந்து, முன்னோட்ட வரியிலேயே எழுத்துப் பிழைகளும் ஒரு குட்டி லிங்க்கும் தெரிய வந்திருந்ததையும் திறக்காமலே குப்பையில் தள்ளினாள்.

மதியம்தான் உறுத்தியது. லிங்க்கைத் தொடாமல் மெயிலை மட்டும் திறந்து படித்தாள். பாஸ்வேர்டோ பணமோ கேட்கவில்லை. 'அக்கா அவரு போன புடிங்கிட்டாரு. சிட்டுவும் நானும் இங்க இருக்கோம்' என்று மட்டும் இருந்தது; அதன்கீழ் அந்த லிங்க்.

சிட்டு என்பது அவளிடம் ஆலோசனைக்கு வந்துபோகும் ஒரு பெண்ணின் மகளுடைய செல்லப்பெயர். ஆனால் அது அப்பனுக்கும் தெரியுமே. காப்பகம் எங்கே என்று மோப்பம் பிடிக்க அவனே இதை அனுப்பியிருந்தால்?

பதில் போடாமல், பதிவில் இருந்த அந்தப் பெண்ணின் உடன்பிறந்த அக்கா எண்ணுக்கு அடித்தாள்.

"தங்கச்சி உங்க வீட்ல இருக்காளாம்மா?"

"இல்லையே. நேத்துலேருந்தே போன் போகல. எனக்குப் பயமா இருக்கு."

"ஏதாவது கடைக்குப் போவாளா?"

"தையல்கடைக்கு. அந்தக் கடைக்காரக்காதான் அவளுக்குத் துணை."

அனுப்பியவர் முகவரியில் இருந்ததும் ஒரு தையல்கடையின் பெயர்தான். ஆலோசகர் அக்காவிடம் கடைக்கு வழி கேட்டாள். போலீசுக்குச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். ஒவ்வொரு சிக்னலிலும், மெயில் குப்பையில் கிடந்த காலைப் பொழுதை எண்ணி ஹாரனை அழுத்தினாள்.

கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வெளியே அந்தப் பெண்ணின் கணவன் அதை உதைத்துக்கொண்டிருந்தான். போலீஸ் வந்து அவனைப் பிடித்துத் தள்ளியபின்தான், உள்ளிருந்த தையல்காரம்மா பூட்டைத் திறந்தாள்.

துணிக்குவியலுக்குப் பின்னால், வாயில் அம்மாவின் முந்தானையைக் கவ்வியபடி சிட்டு இருந்தாள். அம்மாவின் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. மதியத்துக்குச் சற்று முன் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது அவன் பிடித்து முறுக்கினானாம்; தையல்காரம்மாதான் உள்ளே இழுத்து ஷட்டரை இறக்கினாளாம்.

"மெயில் வரலையோன்னு நெனச்சேங்க்கா," என்றாள் அவள்.

"காலையிலேயே வந்துடுச்சு. பொய்யின்னு தள்ளிட்டேன்."

அவள் கோபப்படவில்லை. நல்ல கையால் மகளைத் தூக்கிக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாமாக்கா? வலி தாங்கல," என்றாள்.