நீலம் இறங்கினால் மன்னிப்பு

என் படுக்கையறைக் கூரையில் அந்தக் கறை முதலில் காபி டம்ளரின் அடிப்பாகம் அளவுக்குத்தான் வந்தது. பல்லி ஏதோ செய்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் தலையணை அளவு ஆகிவிட்டது. ஓரமெல்லாம் பழுப்பு, நடுவில் ஈரம், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. ஒரு நாள் மத்தியானம், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் வாயிலேயே ஒரு செதில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்து, "உப்புக் கரிக்குது" என்றார். அவர் அப்படித்தான். கூரையே இடிந்து விழுந்தாலும் ருசி சொல்வார்.

மேல் வீட்டில் யாரோ எவரோ இருந்திருந்தால் அன்றைக்கே மேலே போய் ஒரு பிடி பிடித்திருப்பேன். இருப்பது என் சம்பந்தியம்மா. என் ஒரே மகளை அந்த வீட்டுப் பையனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். நான் இரண்டாம் மாடி, மகள் மூன்றாம் மாடி. பதினெட்டுப் படி ஏறினால் பெற்ற மகளைப் பார்த்துவிடலாம். இப்படி யாருக்கு வாய்க்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்.

நயமாகத்தான் ஆரம்பித்தேன். "சம்பந்தி, உங்க பாத்ரூம்லேருந்து கொஞ்சம் கசியற மாதிரி இருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சம்பந்தியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கல்யாணத்துக்குன்னு புதுசா டைல்ஸ் போட்ட பாத்ரூம். அது கசியுதாமா? மொட்டை மாடித் தண்ணி சுவருக்குள்ள இறங்குது. போய் மாடியைப் பாருங்க."

"மாடித் தண்ணி உங்க வீட்டைத் தாண்டிக் குதிச்சு என் வீட்டுக்கா வரும்?"

"என் பாத்ரூம்னு நிரூபிங்க. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். இல்லைன்னா நீங்க கேக்கணும்."

"கேக்கறேன்" என்றேன் நானும். எனக்கென்ன பயமா?

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் தினம் காலையில், மகள் ஆபீஸ் கிளம்புவதற்குள், டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போவேன். மகள் கதவைத் திறப்பாள். சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். நான் அவருடைய அறையை ஒட்டிய அந்தக் குளியலறைக்குள் நுழைந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு டைல்ஸாகப் பார்த்துவிட்டு வருவேன். தரை பளபளவென்று காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த மகள், ஒரு நாள் படிக்கட்டில் என்னை மறித்தாள்.

"அம்மா, இந்த மாசக் கடைசிக்குள்ள நீங்க ரெண்டு பேரும் முடிச்சுக்கணும். இல்லைன்னா அவர் ஆபீஸ் பக்கத்துல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கோம். போயிடுவோம்."

"ஒரு கறைக்காக வீட்டை மாத்துவியாடி?"

"கறைக்காக இல்ல. கீழ வந்தா நீ அத்தையைச் சொல்ற, மேல போனா அத்தை உன்னைச் சொல்றாங்க. எனக்குக் காது வலிக்குது."

என் மகள் சொன்னால் செய்துவிடுகிறவள். மாமியாருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். காபியில் இனிப்புக் கிடையாது. பிஸ்கட் டப்பாவுக்குப் பூட்டு. சந்தேகம் வந்தால் குப்பைக்கூடையைக்கூடக் கிளறிப் பார்த்துவிடுவாள். "இந்தக் கறார் யாருகிட்டேருந்து..." என்று என் வீட்டுக்காரர் ஒரு முறை ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

பிளம்பரைக் கூப்பிட்டேன். ஒல்லியான மனிதர். காதில் ஒரு பென்சில் செருகியிருந்தது. நான் சொன்ன எதையும் காதில் வாங்காமல், ஸ்டூலில் ஏறிக் கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினார்.

"காலைல ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு. ஒரு வாரம் போடுங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

"எங்கேருந்து வருதுன்னு இப்பவே தெரியுமே!"

"உங்களுக்குத் தெரியும்மா. எனக்கு இன்னும் தெரியல."

ஒரு வாரமும் என் வீட்டுக்காரர்தான் ஸ்டூலில் ஏறினார். ஒரு வாரத்தில் எங்கள் கூரையைப் பார்த்தால் யாரோ பாகப்பிரிவினைக்கு நிலம் அளந்த மாதிரி இருந்தது. பிளம்பர் வந்து ஒவ்வொரு கோடாகப் படித்தார்.

"ரெண்டு வாரமா மழை இல்ல. ஆனாலும் வளருது. அப்ப மழைத்தண்ணி இல்ல. மாடித் தொட்டி வழிஞ்சாலும் முதல்ல மேல் வீட்டுக் கூரைலதான் தெரியணும். அதையும் பாத்துட்டேன், காஞ்சு கிடக்கு."

நான் மகளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"சுவருக்குள்ள போற குழாய் உடைஞ்சிருந்தா ராத்திரி பகல்னு நாள் பூரா கசியும். இது விடிகாலைல காய ஆரம்பிக்குது. சாயங்காலம் அஞ்சு மணிக் கோடு மட்டும் தாண்டித் தாண்டிப் போகுது. அப்ப குழாயும் இல்ல. தரைல நிக்கற தண்ணி. கீழ வந்து சேர ஒரு மணி, ரெண்டு மணி நேரம் ஆகும். மேல மூணு, மூணரைக்கு யாரு குளிக்கறாங்க?"

"யாரும் இல்ல. அத்தை காலைல ஒரு வாளித் தண்ணில குளிச்சுடுவாங்க. நாங்க வேற பாத்ரூம். மூணு மணிக்கு நாங்க ரெண்டு பேருமே ஆபீஸ்ல இருப்போம்" என்றாள் மகள்.

பிளம்பர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சாயம் போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மேலே கூடினோம். என் வீட்டுக்காரரை மட்டும் கீழே கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, கையில் போனைக் கொடுத்து, கண்ணை மூடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுக்க, பிளம்பர் அதில் நீலப் பொடியைக் கலக்கினார். சம்பந்தியம்மா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

முதல் வாளியை ஊற்றினார். நீலத் தண்ணீர் தரையில் பரவி, மூலையில் தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருந்த ஜாலி வழியாக மெதுவாக இறங்கியது. இரண்டாவது வாளியை ஊற்றினார். பாதிதான் இறங்கியது. மூன்றாவது, நான்காவது ஊற்றியதும் தண்ணீர் ஒரு விரல்கடை உயரத்துக்கு ஏறி, கதவோரச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இந்த மூலை ஏன் இப்படித் தண்ணியை உறிஞ்சுது?" என்றார் பிளம்பர். குனிந்து கதவோர மூலையைத் தடவிப் பார்த்தார். "ஆஹா. இந்த மூலைல டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவுல சிமென்ட்டே வைக்கல. எவன்யா போட்டான் இதை?" தனக்கு முன்னால் வேலை செய்தவனைத் திட்டாத பிளம்பரை நான் இதுவரை பார்த்ததில்லை. "தண்ணி கொஞ்சமா இருந்தா இங்க எட்டாது. ஏறி நின்னாத்தான் இதுக்குள்ள போகும்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் போன் அடித்தது.

"வந்துடுச்சு! நல்ல நீலம்!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். "என் சட்டைல சொட்டுது!"

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? மேளம் வைத்து ஆடலாம் போல இருந்தது. சம்பந்தியம்மாவின் முகம் தொங்கிப்போய்விட்டது. நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மன்னிப்பை வாங்கிக்கொள்ள வசதியாக நின்றேன்.

"இருங்க, இந்த அடைப்பு என்னன்னு பாத்துடறேன்" என்று சொல்லிப் பிளம்பர் ஜாலியைக் கழற்றினார். வளைந்த கம்பியை உள்ளே விட்டு ஒரு சுழற்று சுழற்றி இழுத்தார். கொத்தாக ஏதோ வந்தது. தரையில் போட்டுப் பிரித்தார்.

மிட்டாய்க் காகிதம். பச்சை, பளபளவென்று, புதினா மிட்டாய் சுற்றி வரும் காகிதம். ஐம்பது இருக்கும்.

எனக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸுக்குப் போன பிறகும், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து மருமகளிடம் போட்டுக்கொடுத்துவிடுவாளோ என்ற பயத்தில், இந்த அம்மா தினம் மூன்று மணிக்கு உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, குளிக்கிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து மிட்டாய் தின்றிருக்கிறார். குப்பைக்கூடையில் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று காகிதத்தை ஜாலிக்குள் தள்ளியிருக்கிறார்.

என் மகள் இடுப்பில் கையை வைத்தாள். "யாரு தின்னது?" என்றாள்.

குரலைக் கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. சம்பந்தியம்மா பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது புடவை முந்தானையைத் திருகிக்கொண்டு, பரீட்சையில் மாட்டிய பிள்ளை போல நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. என்னைத்தான் பார்த்தார். பாவம் என்று எனக்கு மனசு அப்படியே இளகிவிட்டது.

பிளம்பருக்கு முன்னால், பெற்ற பிள்ளைக்கு முன்னால், மாமியாரைக் கேள்வி கேட்டுக் கூசவைத்துவிட்டால் அப்புறம் இந்த இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைப்பார்களா? மாசக் கடைசி வரைகூடப் போகாது. நாளைக்கே வண்டி வந்து சாமான் ஏற்றும்.

"நான்தான்டி" என்றேன்.

"நீயா?"

"தினம் டார்ச் எடுத்துக்கிட்டு வந்தேன்ல? குனிஞ்சு நிமிந்தா எனக்குத் தலை சுத்தும். ஒண்ணு ரெண்டு வாயில போட்டுக்குவேன். காகிதத்தை இதுல போட்டுட்டேன்." அதோடு விட்டேனா? பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். "அடைச்சது நான். என்னாலதான் கசிஞ்சுது. மன்னிச்சுக்குங்க சம்பந்தி."

ஒரு மாசமா நான் வாங்கக் காத்திருந்த வார்த்தை. என் வாயாலேயே, நானே கொடுத்தேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, அதுக்கென்ன சம்பந்தி. மூலைல சிமென்ட் இல்லாம விட்டது எங்க வீட்டுத் தப்புதானே. நீங்களும் என்னை மன்னிக்கணும்" என்றார். பிளம்பர், "டைல்ஸ் உடைக்க வேண்டாம். காய விட்டு மூலையை அடைச்சா போதும்" என்று எழுந்தார். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மகள் கீழே இறங்கி வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வீடு வேண்டாம்னு சொல்லிட்டோம்மா."

"நல்ல காரியம் பண்ணினே."

"எப்போலேருந்தும்மா உனக்குப் புதினா மிட்டாய் பிடிக்குது? அந்த வாசனை வந்தாலே குமட்டும்பியே."

"வயசானா ருசி மாறும்" என்றேன் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சரி. மாறட்டும்." என் தோளில் ஒரு நிமிஷம் சாய்ந்துவிட்டு எழுந்தாள். "நாளைக்குக் காலைல அத்தைக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயித்துல கிளம்பி இரு. நீயும் வர்ற."

"நான் எதுக்குடி?"

"ஐம்பது மிட்டாய் தின்னது நீதானே?"

மறுக்க முடியுமா? மறுநாள் காலை நானும் சம்பந்தியும் பரிசோதனைக்கூடத்து பெஞ்சில், ஆளுக்கொரு பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு அருகருகே உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி என் முழங்கையைப் பிடித்து, காதோரமாக, "இனிமே சத்தியமா தொட மாட்டேன்" என்றார். "எனக்காகப் போய்..." என்று இழுத்தார். நானும் பெரிய மனசு பண்ணி, "விடுங்க சம்பந்தி, எனக்கென்ன, நல்ல உடம்பு" என்றேன்.

மகள் இரண்டு தாள்களோடு வந்து எங்கள் முன்னால் நின்றாள். சம்பந்திக்கு நூற்று முப்பத்தெட்டு. எனக்கு நூற்று எழுபத்தொன்று.