இலவச பொம்மை

"அந்த இலவச பொம்மையைத் திருப்பிக் கொடும்மா, விளக்கேத்துறதுக்கு முந்தி கொடுத்துடு!"

பிள்ளையார்பாளையத்து வீட்டு வாசலில் சைக்கிளைத் தள்ளிப் போட்டுவிட்டு ஓடி வந்தார் பொம்மைக்கடை தணிகாசலம். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

தறியை விட்டு எழுந்து வந்த அம்சவல்லி முறைத்தாள். "இன்னா முதலாளி, ரயில் வண்டி வாங்கினா பொம்மை இலவசம்னு நோட்டீஸ் கொடுத்துட்டு, இப்ப பிடுங்கிக்க வந்துகினு இருக்கீங்களா?"

"வேற பொம்மை ரெண்டா தரேன்மா. எல்லா வீட்லயும் வாங்கிட்டேன். உன்னுது ஒண்ணுதான் பாக்கி."

"முடியாதுபா. பொண்ணு ஸ்கூல்லேருந்து வந்துட்டா." ஜன்னலில் செருகியிருந்த நோட்டீஸை எடுத்து உரக்கப் படித்தாள்:

"பெற்றோர்களே! பொம்மையை ஒளித்து வையுங்கள். நவம்பர் பதினான்கு, குழந்தைகள் தினத்தன்று மாலை, சாமி முன் கற்பூரம் காட்டிப் பிள்ளை கையில் கொடுங்கள்!"

மடித்து அவர் முன் நீட்டினாள். "நீங்க எழுதினதுதானே? அப்படியேதான் செய்யறோம்."

உள்ளே மணி அடித்தது. கற்பூர வாசனை வந்தது.

தணிகாசலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தார். பொம்மையைக் கையில் ஏந்தி நின்ற குழந்தையிடமிருந்து அதைப் பறித்தார். குழந்தை வீறிட்டது. கற்பூரத் தட்டோடு நின்ற அம்சவல்லியின் புருஷன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "செருப்புக் காலோட சாமிகிட்ட வரியா?"

தணிகாசலம் கையில் சுற்றிய துண்டை அவிழ்த்தார். விரல்கள் கொப்பளித்துக் கருகியிருந்தன.

"மத்தியானம் கடையில நானும் கற்பூரம் காட்டினேன்பா. இது செல்லுலாய்டு. தட்டைக் கிட்ட கொண்டு போனேன், அதுக்குள்ள பொம்மை மொத்தமும் எரிஞ்சுடுச்சு."