லிஸ்ட்ல இல்லாத பம்ப்

பெரிய காரின் பெட்ரோல் பம்ப் ஓடும்போதே நின்றுவிடுகிறது என்று கம்பெனி அந்தக் கார்களைத் திரும்ப அழைத்திருந்தது. சர்வீஸ் சென்டரில் காலையிலிருந்து நான் பம்ப் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சின்ன கார் ஒன்று. நடுரோட்டில் இரண்டு முறை அணைந்துபோனதாக அதன் சொந்தக்காரம்மா சொல்லியிருந்தார். பின்சீட்டைத் தூக்கி அதன் பம்பையும் எடுத்தேன். அதே எண், அதே வாரத்தில் தயாரானது.

மேனேஜரிடம் இரண்டையும் காட்டினேன்.

"கம்பெனி அனுப்பின லிஸ்ட்ல சின்ன கார் இல்லம்மா. சும்மா மாத்தித் தர முடியாது."

"ரெண்டு காருக்கும் அடித்தட்டு ஒண்ணு, இன்ஜின் ஒண்ணு, ஒயரிங் ஒண்ணு. ஒரே தடவை டிசைன் பண்ணி ஆறு மாடலுக்குப் போட்டா செலவு மிச்சம்னு நீங்கதானே சார் டிரெயினிங்ல சொன்னீங்க? மிச்சம் ஆறு மாடலுக்கு, பழுது மட்டும் ஒரு மாடலுக்கா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த விளம்பரத் தட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். சின்ன காரின் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'உள்ளே எல்லாமே பெரிய கார்தான்!'

"ஒண்ணு, பம்பை மாத்தச் சொல்லுங்க சார். இல்ல, வெளியில உக்காந்திருக்கிற அந்தம்மாகிட்ட இதை நீங்களே வாசிச்சுக் காட்டுங்க."