யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை

எங்கள் கடையின் இணையப் பக்கத்தில் ஒரு பெண் எழுதியிருந்ததை மூன்றாம் முறை படித்தபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை அதன் பாட்டுக்கு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தது. நேற்று மாலை எங்கள் கடையில் முட்டைச் சோறு பார்சல் வாங்கினாளாம். ராத்திரியெல்லாம் அவளுக்கும் அம்மாவுக்கும் வாந்தி. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். இனி யாரும் அங்கே போகாதீர்கள் என்று முடித்திருந்தாள்.

ஆறு மேஜை போட்ட கடை எங்களுடையது. சமையல் என் கணவர், கல்லாவும் போனும் நான். எங்களை நம்பி வருகிறவர்கள்தான் எங்கள் முதல். அது போனால் அடுப்பை அணைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்தும் மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

கொழுந்தன் வந்து பதிலை எழுதிக்கொடுத்தார். மனுஷர் கோபப்பட்டால் வக்கீல் தமிழ்தான் வரும். 'தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். அதே சோற்றை நாங்களும் உண்டோம். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாங்கள் வேறெங்கும் உண்டீர்களா என்பதையும் எண்ணிப் பார்க்கவும்.'

கடைசி வரியை முதலில் அடித்தேன். ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? அடுத்து 'ஏற்பட்டிருந்தால்'. அவள்தான் ஏற்பட்டது என்கிறாளே, நடுவில் 'ஆல்' எதற்கு என்றேன். கொழுந்தனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

நாங்களும் அதே சோற்றைத்தான் சாப்பிட்டோமா என்று கணவரிடம் கேட்டேன். மதியம் வடித்ததும் சுடச்சுடச் சாப்பிட்டோம் என்றார். மாலையில் வதக்கிய சோறு? அதே சோறுதான், ஆறட்டும் என்று அகலப் பாத்திரத்தில் கொட்டி வைத்திருந்தாராம். ஃப்ரிட்ஜில் இடமில்லாததால் அது மாலைவரை வெளியிலேயே இருந்திருக்கிறது. சொல்லிவிட்டு அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வரியையும் அடித்தேன்.

வருத்தம் தெரிவித்தது போக மிஞ்சியது ஒரே வரி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"யாரும் ஒன்னும் சொல்லலையே அண்ணி," என்றார் கொழுந்தன்.

சொல்லவில்லை என்பதும் ஆகவில்லை என்பதும் ஒன்றா? நேற்று மாலை போனில் முட்டைச் சோறு ஆர்டர் சொன்னவர்களின் எண்கள் இருந்தன. முதலில் தையல்காரரைக் கூப்பிட்டேன். கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிற மனுஷர். சாப்பாடு எப்படி என்றதும் பிரமாதம் என்றார். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"சின்னவளுக்கு ராத்திரி ரெண்டு மூணு தடவை வாந்தி, தங்கச்சி. இப்ப தேவலாம். நம்ம கடையாச்சே, உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லலை. மன்னிச்சுக்கோ."

எங்கள் சோற்றைத் தின்று குழந்தைக்கு உடம்பு கெட்டிருக்கிறது, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். குழந்தையை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். போனை வைத்தபின் எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

கணவரிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தார். நேற்றைய சோற்றில் மிச்சமிருந்ததைக் கொட்டப்போனவரைத் தடுத்து, மூடி, சீட்டு ஒட்டி ஃப்ரிட்ஜில் தனியாக வைக்கச் சொன்னேன். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்வரை எதையும் கழுவ வேண்டாம் என்றார்கள். பிறகு பதிலை எழுதினேன்.

'அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? எங்கள் சோறு சாப்பிட்டபின் நீங்கள் இருவரும் பட்ட பாட்டுக்கு மிகவும் வருந்துகிறோம். அதே மாலை வாங்கிய இன்னொரு வீட்டிலும் ஒருவருக்கு வாந்தி என்று இன்று தெரிந்தது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. மதியம் வடித்த சோறு மாலைவரை வெளியில் இருந்தது; அது தவறு. சமையலை நிறுத்திவிட்டோம், அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டோம். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுவோம். சாப்பிட்டவர்களில் யாருக்காவது முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்.' கீழே என் போன் எண்.

"நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிறோம்," என்றார் கொழுந்தன். கணவர் ஒரு தடவை படித்துப் பார்த்து, "போடு," என்றார்.

போட்டுவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட டீச்சர், வாரம் தவறாமல் வாங்குகிறவர். எடுத்ததும் எல்லாம் நல்லா இருந்துச்சும்மா என்றார். நேற்றுவரை அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரிந்திருக்காது.

"எங்களுக்காகச் சொல்லாதீங்க டீச்சர்," என்றேன். "வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"அது வந்தும்மா..." என்று இழுத்தார் டீச்சர். நான் போனை வைக்காமல் காத்திருந்தேன்.