மீன்தொட்டியும் மின்விளக்கும்

ஸ்டுடியோக்காரர் ஆர்டர் போட்டது வெள்ளைப் பின்னணித் துணி, இரண்டு ஸ்டுடியோ பல்பு, கேமரா பேட்டரி, மெமரி கார்டு. பெட்டியைப் பிரித்தால் வந்தது கலர் கூழாங்கல், காற்று பம்ப், சின்ன வலை, ஒரு டப்பா மீன் தீனி. அவர் வீட்டில் மீனும் இல்லை, தொட்டியும் இல்லை.

கைபேசியில் அவசரமாக ஒரு படம் எடுத்து, விற்றவனுக்கு மெயில் அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது: "படம் தெளிவாக இல்லை. நீங்கள் கேட்ட பொருள்தான் அனுப்பப்பட்டுள்ளது."

வாழ்நாளெல்லாம் ஊர்ச்சனத்தின் முகத்தைத் தெளிவாகக் காட்டிய மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காது மடல் சிவந்துவிட்டது.

"என் படம் தெளிவா இல்லையாம்! எங்கிட்டயே சொல்றான்!"

"அட விடுங்க, ரிட்டர்ன் போட்டுட்டு வேற கடையில வாங்கிக்கலாம்," என்றாள் மனைவி. ஸ்டுடியோவின் வரவு செலவும் மெயிலும் அவள் பொறுப்பு.

"விடறதா? அவனை மூக்கால தண்ணி குடிக்க வைக்காம ஓயமாட்டேன்."

பெட்டியை மேஜையில் தூக்கி வைத்தார். பழைய விளக்கு இரண்டையும் பக்கத்துக்கொன்றாக நிறுத்தினார். பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் எடுத்தார். மேலே ஒட்டியிருந்த லேபிளில் தன் பெயரும் ஆர்டர் எண்ணும் எடையும் படிக்கிற மாதிரி கிட்டத்தில் எடுத்தார். உள்ளே கிடந்த பில்லை எடுத்தார். வந்த பொருள் ஒவ்வொன்றையும் அதன் பார்கோடோடு எடுத்தார். கடைசியில் பெட்டி, பில், பொருள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் விழ ஒரு படம். கல்யாண ஆல்பத்துக்குக்கூட இத்தனை சிரத்தை எடுத்ததில்லை என்றாள் மனைவி.

மெயிலை அவள் அடித்தாள். அவர் பின்னால் நின்று இதை வெட்டு, அதை ஒட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே ஆர்டர் எண், பார்சல் எண், கைக்கு வந்த தேதி. அதன் கீழே ஒவ்வொரு வரியிலும் கேட்டது என்ன, வந்தது என்ன, எந்தப் படத்தில் பார்க்கலாம். உள்ளே இருந்த பில் வேறொருவருடையது என்று தனி வரி. சரியான பொருளை அனுப்பி, தவறானதை உங்கள் செலவில் எடுத்துப் போக வேண்டும். இல்லாவிட்டால் விற்பனைத் தளத்திலும் நுகர்வோர் அலுவலகத்திலும் புகார் போகும். "திருடன்" என்ற வார்த்தையை மட்டும் மனைவி சேர்க்கவில்லை.

அனுப்பினால் படங்கள் கனத்து மெயில் திரும்பி வந்தது. படத்தைச் சின்னதாக்குங்க என்றாள். மனசே இல்லாமல் ஆக்கினார்.

மத்தியானம் விற்றவனே போன் பண்ணினான். குரலில் வெண்ணெய்.

"சார், மன்னிச்சிருங்க. பேக்கிங் பண்ற பொண்ணு செஞ்ச கோளாறு. இப்பத்தான் வேலைய விட்டு நிறுத்திட்டேன். உங்க சாமான் நாளைக்கே கிளம்பிடும்."

ஸ்டுடியோக்காரர் ஜெயித்துவிட்டார். ஆனால் அடிக்க நினைத்தது இவனை. அடி விழுந்தது யார் முதுகிலோ. கண் தானாகத் திரையில் இருந்த படத்துக்குப் போனது. பில்லில் கூழாங்கல், பம்ப், வலை, தீனி. பெட்டிக்குள்ளும் அதேதான். பில்லைப் பார்த்துப் போட்டவள் ஒன்றும் தப்பாகப் போடவில்லையே! தப்பு மேலே ஒட்டின லேபிளில்.

"லேபிள் ஒட்டுறது யாரு?"

அவன் மறுபடியும் சாமான் நாளைக்கே கிளம்புகிற கதையைத் தொடங்கினான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"அது... நான்தான் பிரிண்ட் எடுத்து ஒட்டுவேன். அன்னிக்கு ரெண்டு பார்சல்ல மாத்தி..."

"அந்தப் பொண்ணு இருக்கா அங்க?"

"பையை எடுத்துக்கிட்டு இருக்கு சார்."

"போனை அதுகிட்ட குடுங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஹலோ" என்றது மெல்லிய குரல்.

"அம்மா, நீ சரியாத்தான் போட்டிருக்க. படம் எங்கிட்ட இருக்கு. எங்கயும் போகாத, அங்கயே உக்காரு. போனை முதலாளிகிட்ட குடு."

பிறகு அவனிடம் நிதானமாகச் சொன்னார். தப்பு தன்னுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல என்று அவன் மெயிலில் எழுத வேண்டும். அதன் நகல் அந்தப் பெண்ணுக்கும் போக வேண்டும். அவள் வேலை அவளுக்கே. இல்லையென்றால் அதே படங்கள் விற்பனைத் தளத்துக்குப் போகும்.

"ஒரு சின்ன லேபிளுக்கா சார்?"

"சின்ன லேபிளுக்கு ஒருத்தி வேலைய பறிச்சீங்களே, அது பெருசு இல்லையா?"

சாயங்காலத்துக்குள் மெயில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருப்பான். வரிக்கு வரி தெரிந்தது. அதன் கீழே அந்தப் பெண்ணின் பதில் ஒரே வரி: "நான் பேக்கிங் மேஜையிலதான் இருக்கேன் சார்."

ஸ்டுடியோக்காரர் அந்த வரியை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். இன்னொரு தடவையும் படித்தார்.

"இப்ப வயித்தெரிச்சல் தீந்துச்சா?"

"முக்காவாசி," என்றார்.

பல்பு வந்தது, துணி வந்தது. கூழாங்கல்லை எடுக்க ஆள் வந்து போனான். அதற்கப்புறம் விற்பனைத் தளத்தைத் திறந்து, அந்தக் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். "பேக்கிங் மிகச் சரி. முதலாளிதான் கோளாறு," என்று எழுதி அழுத்திவிட்டு, சாப்பிடப் போனார்.