பத்து பிரேம் பூட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் அரிசி மண்டியின் மேல்மாடியில் இருந்த அந்த வீடியோ கேம் கம்பெனியில், சுபாஷிணியின் புரொபேஷன் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று மாலை ஐந்து மணிக்குள் அவர்கள் செய்யும் கேம், கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சொந்த ஊரான பாலக்காட்டுக்கு ரயில்.

கேமில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் கீழே மூட்டை இறக்கும் இசக்கிதுரை. சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்து ஆடிப் பார்க்க முதலாளி அனில் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தான். அனிலின் கொள்கை, வெளியாள்தான் குறை கண்டுபிடிப்பான் என்பது. செவ்வாய்க்கிழமை இசக்கிதுரை இரண்டாம் கட்டத்தின் இடது ஓரச் சுவரைப் பிடித்து, அந்த ஒரே சுவரில் குதித்துக் குதித்துக் கூரைக்கு மேலே போய், நடந்தே முடிவுக் கதவைத் தொட்டுவிட்டார்.

"யம்மா, கீழ எதிரியெல்லாம் சும்மா நிக்கானுவ, பாவம்" என்றார்.

சுவர்க் குதி சுபாஷிணி எழுதியது. குதித்தால் கேமில் வரும் ஆள் சுவரிலிருந்து விலகி மேலே எழும்புவான். ஆனால் கன்ட்ரோலரின் திசைக் குச்சியைச் சுவர்ப் பக்கமே அழுத்திப் பிடித்தால், கீழே இறங்குவதற்குள் அதே சுவருக்குத் திரும்பிவிடுவான், முன்னைவிட உயரத்தில். மறுபடி குதி. வானம் வரை போகலாம்.

மருந்து சின்னதுதான். குதித்த பிறகு கொஞ்ச நேரம் பக்கவாட்டு அழுத்தத்தைக் கேம் காதில் வாங்காமல் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? திரையில் நொடிக்கு அறுபது பிரேம், அதாவது அறுபது படம். ஆறு பிரேமுக்குப் பூட்டினாள், ஆள் இன்னும் ஏறினான். எட்டில், விட்ட இடத்துக்கே திரும்பி வந்தான். பத்தில் கீழே சறுக்கினான். ஒவ்வொன்றையும் இருபது முறை ஆடி நோட்டில் குறித்தாள். பிறகு, எண்ணியது தப்போ என்று இன்னொரு இருபது முறை.

பத்து போட்டதும் வெங்கிட்டு கத்தினான். ஆழக் கிணறு ஒன்று உள்ள மூன்றாம் கட்டத்தை அமைத்தவன் அவன்.

"என் கிணத்துலேந்து யாரும் வெளியில வர முடியலை, கேட்டியா! நன்னா இருந்த கட்டம். நீ பூட்டினதாக்கும் காரணம்."

தன் தப்புதான் என்று சுபாஷிணி அன்று முழுக்க நம்பினாள். மறுநாள் கிணற்றை அளந்தாள். கேமில் சுவர் கட்டும் கட்டைக் கணக்கில் ஏழு கட்டை அகலம். ஒரு குதி, புறப்பட்ட உயரத்துக்கு இறங்குவதற்குள் ஆறு கட்டைதான் தாண்டும். இரண்டு சுவருக்கும் மாறி மாறிக் குதித்து ஏறுவதற்கென்று கட்டிய கிணற்றில் அப்படி யாருமே ஏறியிருக்க முடியாது.

"வெங்கிட்டு அண்ணா, நீங்க இத்தனை நாளா எப்படி ஏறினேள்?"

அவன் ஆடிக் காட்டினான். ஒரே சுவர். கட்டைவிரல் தானாகவே அந்தச் சுவர்ப் பக்கம் அழுந்தியிருந்தது. நாலு மாதமாக அதே ஓட்டையில் ஏறிக்கொண்டு, கட்டம் சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

முணுமுணுத்துக்கொண்டே கிணற்றை நாலு கட்டையாகக் குறுக்கினான். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அனிலுக்கு இன்னொரு கொள்கையும் உண்டு: கட்டம் அமைத்தவனே ஆடி முடித்தால்தான் கேம் வெளியே போகும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து வெங்கிட்டு தன் கிணற்றிலேயே விழுந்துகொண்டிருந்தான். குதித்ததும் விரல் பழைய சுவருக்கே போனது. பூட்டு அதைக் கேட்கவில்லை. பூட்டு திறந்ததும் கேட்டது. ஆள் பாதி வழியில் திரும்பித் தொப்பென்று விழுந்தான். முப்பத்தொன்று என்று சுபாஷிணி எண்ணினாள்.

நாலரைக்குத் தன் கணினியில் பத்தை அழித்து ஆறு போட்டாள். ஆள் ஒற்றைச் சுவரில் நோஞ்சானாக ஏறினான். வெங்கிட்டு வெளியே வந்துவிடுவான், அவள் வேலையும் நிலைக்கும். ஆனால் கண்காட்சியில் ஆடும் முதல் பையனே கூரையில் நடப்பான். மறுபடி பத்தாக்கினாள்.

"குதிச்ச உடனே எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்புங்கோ, அண்ணா."

"நான் வெட்டின கிணத்துல எனக்கே வழி சொல்றியா?"

சாயா டம்ளரோடு நின்ற இசக்கிதுரைக்குப் பொறுக்கவில்லை. தன் சுவர் பூட்டப்பட்டதிலிருந்து மூன்று நாளாக அவர் ஒழுங்காக ஆடக் கற்றுக்கொண்டிருந்தார்.

"இங்கன குடுங்க சாரே."

"அமைச்சவன்தான் ஆடணும்" என்றான் அனில்.

"அவியளே குதிக்கட்டும். திசைய மட்டும் நான் பாத்துக்கிடுதேன்."

ஒரே கன்ட்ரோலரில் இருவரும் உட்கார்ந்தார்கள். இடதுபக்கத் திசைக் குச்சியில் இசக்கிதுரையின் பெருவிரல், வலதுபக்கக் குதி பொத்தானில் வெங்கிட்டுவின் விரல்.

"குதிங்க... குதிங்க... ஏ, இப்பம் இல்ல! இப்பம்!"

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஆள் வெளியே வந்தான். படிவத்தில் "அமைத்தவரே ஆடி முடித்தார்" என்று எழுதி வெங்கிட்டு கையெழுத்திட்டான்.

கேமை அனுப்பிவிட்டு, அனில் சுபாஷிணியிடம் வேலை நிரந்தரக் கடிதத்தை நீட்டினான். "எந்தா சுபா, மூணு நாள் வேலைக்கு ஒரே ஒரு நம்பரா?"

"ஆமா சேட்டா. நடுவுல ஒரு தடவை ஆறு..."

அவன் அதற்குள் திரும்பிவிட்டான். "இசக்கியண்ணா, நாலாம் கட்டம் ஆடிப் பார்க்க வருவீங்களா?"

"செவரு தொறந்திருந்தா வாரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சுபாஷிணி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தாள். பத்துதான் இருந்தது. மூடினாள். இன்னொரு முறை திறந்து பார்த்தாள்.